வேலை தருவதாகச் சொல்லிப் பணம் கேட்டால்: பணம் கட்டுமுன் எழுத வேண்டிய பதில்

ஊர் திரும்பி வீட்டைத் துப்புரவாக்கி, வயலை மீண்டும் உழத் தொடங்கிய குடும்பங்களுக்கு முதல் சில மாதங்கள் நெருக்கடியானவை. பெரும்போக நெல்லை விதைத்தாலும் அறுவடைக்கு மாசி, பங்குனி வரை காத்திருக்க வேண்டும். இந்த இடைவெளியில்தான் வெளிநாட்டு வேலை தருவதாகச் சொல்லும் தரகர்களும் கைத்தொலைபேசிச் செய்திகளும் படுவான்கரைக் கிராமங்களுக்கு வந்து சேர்கின்றன. அவற்றுள் உண்மையானவையும் உண்டு. உண்மையையும் மோசடியையும் பணம் கட்டுவதற்கு முன் பிரித்தறிவது எப்படி என்பதை இந்தப் பகுதி விளக்குகிறது.

ஒரு செய்தியைப் பார்ப்போம்

கீழே உள்ளது உதாரணத்துக்காக எழுதப்பட்டது. ஆனால் இப்படியான செய்திகள் பெரும்பாலும் இதே அமைப்பில்தான் வரும்.

“கட்டார் ஹோட்டலில் துப்புரவு வேலை. மாதம் 180,000 ரூபா. தங்குமிடம், சாப்பாடு இலவசம். நேர்முகப் பரீட்சை இல்லை. இரண்டு இடம் மட்டும் மீதி. பதிவுக் கட்டணம் 18,500 ரூபாவை நாளை 12 மணிக்கு முன் கீழுள்ள கணக்கில் போட்டு, பற்றுச்சீட்டையும் கடவுச்சீட்டின் படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பவும்.”

இதில் கவனிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது, கட்டணம். உங்களை யாரும் பார்க்கவில்லை, எதுவும் கேட்கவில்லை. ஆனால் பணம் மட்டும் கேட்கப்படுகிறது. தொகை சிறியதாக இருப்பதும் தற்செயல் அல்ல. நகையை அடகு வைத்தோ உதவிப்பணத்திலிருந்தோ ஒரு குடும்பம் ஒரே நாளில் திரட்டக்கூடிய தொகையாக அது இருக்கும். அதைக் கட்டியதும் மருத்துவப் பரிசோதனைக்கு, பிறகு விசாவுக்கு, பிறகு விமானச் சீட்டுக்கு என்று அடுத்தடுத்துக் கேட்பார்கள். கட்டிய பணம் வீணாகிவிடுமே என்ற பயத்தில் குடும்பமும் தொடர்ந்து கட்டும்.

இரண்டாவது, வங்கிக் கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறது என்பது. நிறுவனத்தின் பெயரில் இல்லாமல் ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

மூன்றாவது, அவசரம். ‘நாளை 12 மணி’ என்பது நீங்கள் எவரிடமும் விசாரிக்க நேரம் இருக்கக் கூடாது என்பதற்காக வைக்கப்பட்ட கெடு.

நான்காவது, செய்தியில் இல்லாதது. முகவர் நிலையத்தின் பெயர், விலாசம், அனுமதிப்பத்திர இலக்கம் ஆகிய மூன்றில் ஒன்றுகூட இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது

இலங்கையில் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆட்சேர்ப்பவர் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் பெற்றிருக்க வேண்டும். அது மட்டும் போதாது. எந்த நாட்டுக்கு, என்ன வேலைக்கு ஆள் எடுக்கிறாரோ, அந்த வேலைக்கும் பணியகத்தின் அனுமதி வேண்டும். ஊருக்குள் வரும் தரகர் “கொழும்பு ஏஜென்சிக்காகத்தான் வந்திருக்கிறேன்” என்று சொல்வது அனுமதிப்பத்திரத்துக்கு ஈடாகாது.

தென் கொரியத் தொழிற்சாலை வேலை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தத் தொழில் அனுமதித் திட்டம் இரண்டு அரசாங்கங்களுக்கு இடையிலானது. கொரிய மொழிப் பரீட்சையில் சித்தியடைந்து பணியகம் ஊடாகவே போக முடியும். அந்த வேலையை எடுத்துத் தருகிறேன் என்று பணம் கேட்கும் தனியாள் எவராக இருந்தாலும் நம்ப வேண்டாம்.

எங்கே விசாரிப்பது

பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து, முகவர் நிலையத்தின் பெயரையும் அனுமதிப்பத்திர இலக்கத்தையும் சொல்லுங்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள்: இந்த அனுமதிப்பத்திரம் இன்று செல்லுபடியாகுமா? இந்த நாட்டில் இந்த வேலைக்கு இவர்களுக்கு அனுமதி உண்டா? இதற்கு எவ்வளவு பணம் அறவிடலாம்? slbfe.lk என்ற இணையத்தளத்திலும் முகவர் நிலையங்களின் பெயர்களைப் பார்க்கலாம். தொலைபேசியில் பேசுவது கடினம் என்றால், கொக்கட்டிச்சோலையில் உள்ள மண்முனை தென்மேற்குப் பிரதேச செயலகத்துக்குப் போய், வெளிநாட்டு வேலைவாய்ப்புக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் அந்தச் செய்தியைக் காட்டுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மோசடிக்காரர் ஓர் உண்மையான நிலையத்தின் பெயரையும் இலக்கத்தையும் களவாகப் பயன்படுத்தலாம். ஆகவே அந்த நிலையத்தின் தொலைபேசி இலக்கத்தைப் பணியகத்திடமே கேட்டு வாங்கி, அதற்கு அழைத்து, “இந்த ஆள் உங்களுடைய ஆளா?” என்று கேளுங்கள். செய்தியில் தந்த இலக்கத்துக்கு அழைத்தால் மோசடிக்காரரே “ஆம்” என்பார்.

அனுப்ப வேண்டிய பதில்

வேலையை மறுக்கவும் தேவையில்லை, ஏற்கவும் தேவையில்லை. கீழுள்ளபடி எழுதுங்கள்.

> ஐயா / அம்மணி,
>
> கட்டார் துப்புரவு வேலை பற்றிய உங்கள் செய்தி கிடைத்தது. எனக்கு விருப்பம் உண்டு. முதலில் பின்வரும் விபரங்களை எழுத்தில் தரவும்.
>
> 1. முகவர் நிலையத்தின் முழுப்பெயர், அலுவலக விலாசம், அனுமதிப்பத்திர இலக்கம்.
> 2. இந்த வேலைக்குப் பணியகம் வழங்கிய அனுமதியின் இலக்கம்.
> 3. வேலை தருபவரின் பெயர், விலாசம், விசாவின் வகை.
> 4. சம்பளம், வேலை நேரம், ஒப்பந்தக் காலம் குறிப்பிட்ட ஒப்பந்தப் பிரதி.
> 5. கட்டணம் எதற்காக, எவ்வளவு என்ற விபரம்.
>
> இவற்றைப் பணியகத்தில் உறுதிசெய்த பின்னர் உங்கள் அலுவலகத்துக்கு நேரில் வருவேன். கட்டணம் ஏதும் உண்டென்றால், நிலையத்தின் பற்றுச்சீட்டுக்கு மட்டுமே செலுத்துவேன்.
>
> இப்படிக்கு,
> (பெயர்)

இந்தப் பதிலில் விலாசம், அடையாள அட்டை இலக்கம், கடவுச்சீட்டின் படம், வங்கி விபரம் எதையும் சேர்க்க வேண்டாம். விசாவின் வகையைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. வருகை விசாவில் ஓமானுக்கு அனுப்பப்பட்ட இலங்கைப் பெண்கள் சம்பளமும் பாதுகாப்பும் இன்றி அங்கே சிக்கிக்கொண்டது 2022இல் வெளியே தெரியவந்தது. வருகை விசா வேலை செய்வதற்கான விசா அல்ல. “அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்” என்பவரை நம்பி ஏற வேண்டாம்.

வரும் பதிலை எப்படி வாசிப்பது

உண்மையான நிலையத்துக்கு இந்தக் கேள்விகள் புதியவை அல்ல, விபரங்களைத் தருவார்கள். மோசடிக்காரர் பெரும்பாலும் கோபிப்பார், அல்லது “இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன்” என்பார், அல்லது கட்டணத்தைப் பாதியாகக் குறைப்பார். சிலர் முத்திரை குத்திய அழகான சான்றிதழின் படத்தை அனுப்புவார்கள். படத்தை எவரும் தயாரிக்கலாம். அது ஆதாரம் அல்ல, பணியகம் சொல்வதே ஆதாரம்.

ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால்

அடுத்த தொகையைக் கட்ட வேண்டாம். “இதையும் கட்டினால் முழுப்பணமும் திரும்ப வரும்” என்றாலும் கட்ட வேண்டாம். செய்திகளை அழிக்காமல், வைப்புச் சிட்டை, கணக்கு இலக்கம், அழைப்பு வந்த இலக்கம் ஆகியவற்றை ஒன்றாக வையுங்கள். அன்றைக்கே வங்கிக்கு அறிவித்து, பணியகத்திலும் பொலிஸ் நிலையத்திலும் முறைப்பாடு செய்யுங்கள். கடவுச்சீட்டைக் கொடுத்திருந்தால் அதையும் முறைப்பாட்டில் எழுதுங்கள். பணம் திரும்பக் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் நாள் கடந்தால், கணக்கில் உள்ள பணம் எடுக்கப்பட்டுவிடும், தொலைபேசி இலக்கமும் நிறுத்தப்பட்டுவிடும்.