கத்தரி எடுக்கும் முன் காகிதத்தைப் படியுங்கள்

நம் ஊர் தையல்கடையில் பேட்டர்ன் காகிதத்துக்கு அவ்வளவாக வேலை இல்லை. மாஸ்டர் அளவு ப்ளவுஸை விரித்துவைத்து, துணியின் மேலேயே சாக்பீஸால் கோடு போட்டு வெட்டிவிடுவார். எங்கே மடிப்பு, எது முன்பக்கம், எந்தக் கை எந்தப் பக்கம் என்பதெல்லாம் அவர் மனக்கணக்கில் இருக்கும். இணையத்தில் வாங்கிய பேட்டர்னை வீட்டில் அச்செடுத்துத் தைக்கிறவர்களுக்கு அந்த மனக்கணக்கு இல்லை. அதைத்தான் அம்பாகவும் புள்ளியாகவும் சின்ன முக்கோணமாகவும் காகிதத்தில் வரைந்து வைத்திருக்கிறார்கள்.

44 அங்குல அகலப் பருத்தித் துணியில் அரைக்கை வைத்த எளிய டாப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்துண்டு, பின்துண்டு, கை என்று மூன்றே காகிதங்கள். தைத்த பிறகு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்தக் கைத்துண்டில்தான் தொடங்கும். அதற்கு முன் மடிப்பைப் பார்த்துவிடலாம்.

முன்துண்டும் பின்துண்டும் காகிதத்தில் பாதி உடம்புக்குத்தான் இருக்கும். நேரான ஓரத்தில், இரு முனையும் அந்த ஓரத்தை நோக்கி வளைந்த அம்பு ஒன்று இருக்கும். ‘ஆன் ஃபோல்ட்’ என்றும் எழுதியிருப்பார்கள். அந்த ஓரம் துணியின் மடிப்பின் மேல் அச்சாக உட்கார வேண்டும். அங்கே கத்தரி படக் கூடாது. மடிப்புப் பக்கத்துக்குப் பதிலாகத் திறந்த பக்கத்தில் வைத்து வெட்டினால், முழுத் துண்டுக்குப் பதில் இரண்டு பாதிகள் கையில் வரும். இன்னொரு தவறு அவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது. எல்லா ஓரத்திலும் தையலுக்கு மார்ஜின் விடுகிற பழக்கத்தில் மடிப்பிலும் அரை அங்குலம் விட்டுவிடுவார்கள். துணியை விரித்தால் அது ஒரு அங்குலம். மார்பு அளவில் ஒரு அங்குலம் கூடினால் சமாளித்துவிடலாம். கழுத்தும் ஒரு அங்குலம் அகன்றுவிடுமே! தோளில் நிற்காமல் நழுவும் கழுத்துக்குப் பல நேரம் இதுதான் காரணம்.

முன்னுக்கும் பின்னுக்கும் மடிப்பு வேண்டுமென்றால், துணியின் இரண்டு கரைகளையும் நடுவுக்குக் கொண்டுவந்து மடியுங்கள். இரு பக்கமும் மடிப்பு கிடைக்கும். பேட்டர்ன் துண்டின் மிக அகலமான இடம் 11 அங்குலத்துக்குள் இருந்தால் இது போதும். மடித்த துணி சுருக்கமில்லாமல் படிய வேண்டும். கரைகள் சேர்ந்திருந்தும் மடிப்பின் அருகே குறுக்காகச் சுருக்கம் ஓடினால் துணி கோணி நிற்கிறது என்று பொருள். ஒரு கரையை மேலோ கீழோ சற்று நகர்த்தினால் அது அடங்கும்.

இப்போது கைத்துண்டு. அதன் நடுவே மேலிருந்து கீழாக ஒரு நீள அம்பு இருக்கும். அதுதான் கிரெய்ன் லைன். துணியில் பாவு நூல் கரைக்கு இணையாக ஓடுகிறது. தறியில் இழுத்துக் கட்டப்பட்ட நூல் அது, ஆகவே அதிகம் நீளாது. ஊடை கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட க்ராஸில் துணி தாராளமாக இழுபடும். அம்பு பாவு நூலோடு போக வேண்டும். கண் மதிப்பில் நேராகத் தெரிந்தால் போதாது, இன்ச் டேப் வைத்தே பார்க்க வேண்டும். அம்பின் மேல் முனையிலிருந்து கரைக்கு 6 அங்குலம், கீழ் முனையிலிருந்து ஆறரை என்று வருகிறதா? மேல் முனையில் ஒரு குண்டூசி குத்தி, அதை அச்சாக வைத்துக் காகிதத்தை மெதுவாகத் திருப்புங்கள். இரண்டு முனையும் 6 என்று வந்ததும் கீழேயும் ஊசி குத்திவிடலாம். அரை அங்குலம்தானே என்று விட்டால், ஒருமுறை துவைத்த பிறகு கையின் அடித்தையல் அக்குளுக்கு நேராக நிற்காமல் முழங்கையைச் சுற்றிப் போகத் தொடங்கும். அதைப் பிரித்துத் தைத்தும் சரிசெய்ய முடியாது. கோணல் இருப்பது துணியின் வெட்டில்.

கையின் மேல் வளைவைக் கவனித்துப் பாருங்கள். இரு பாதியும் ஒன்றுபோல் இருக்காது. கை முன்பக்கமாகவே அதிகம் அசைவதால் முன்பாதியில் வளைவு உள்வாங்கியிருக்கும், பின்பாதி நிறைந்திருக்கும். வெட்டிய துணியில் இந்த வித்தியாசம் சட்டென்று கண்ணில் படாது. அதற்காகத்தான் நாட்ச். பெரும்பாலான பேட்டர்ன்களில் முன்பக்கத்துக்கு ஒரு முக்கோணம், பின்பக்கத்துக்கு அடுத்தடுத்து இரண்டு. உடம்பின் ஆர்ம்ஹோலிலும் முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. ஒன்றோடு ஒன்று, இரண்டோடு இரண்டு சேர வேண்டும். கை இடம் மாறிப் போனால் தையல் பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கும். போட்ட பிறகுதான் முன் அக்குளில் துணி திரண்டு சாய்வாகச் சுருக்கம் விழும், கையை முன்னே நீட்டினால் முதுகில் இழுக்கும்.

வளைவின் உச்சியில் உள்ள புள்ளி தோள் தையலோடு சேர வேண்டும். உடம்பின் ஆர்ம்ஹோலைவிடக் கையின் வளைவு பல பேட்டர்ன்களில் அரை முதல் ஒரு அங்குலம் கூடுதலாகவே இருக்கும். தோளின் உருண்டைக்கு அந்தக் கூடுதல் தேவை. நாட்ச்சுகளுக்குக் கீழே இரண்டும் சமமாகப் பொருந்தும். மிஞ்சும் துணியை நாட்ச்சுக்கும் புள்ளிக்கும் இடையில்தான் கொஞ்சம் கொஞ்சமாக அடக்க வேண்டும். இது தெரியாமல் அடியிலிருந்தே இழுத்துத் தைத்துக்கொண்டு போகிறவர்கள், முடிவில் மிஞ்சியதை வெட்டி எறிகிறார்கள். தோளில் கை பிடிப்பது அதனால்தான்.

1863-ல் அமெரிக்காவின் எபனேசர் பட்டரிக் பல அளவுகளில் காகிதப் பேட்டர்ன் விற்கத் தொடங்கினார். அந்தக் காலப் பேட்டர்ன்களில் அச்சே கிடையாது. வெறும் மெல்லிய தாளில் துளைகள் போட்டுத்தான் இந்தக் குறிப்புகளைச் சொன்னார்கள். அதோடு ஒப்பிட்டால் நம் வேலை எளிது.

நாட்ச்சைத் துணிக்கு மாற்ற, மார்ஜினுக்குள் 3 மில்லிமீட்டர் மட்டும் கத்தரி நுனியால் வெட்டுங்கள். அரை அங்குல மார்ஜினில் இது தையலைத் தொடாது. நூல் பிரிகிற துணியென்றால் உள்ளே வெட்டாமல், முக்கோணத்தை வெளிப்புறமாக விட்டு வெட்டுங்கள். புள்ளிகளை வெட்டக் கூடாது. டாட்டின் முனையாக இருந்தாலும் தோள் புள்ளியாக இருந்தாலும் குண்டூசியைக் காகிதம், இரண்டு அடுக்குத் துணி எல்லாவற்றிலும் செங்குத்தாக இறக்கி, ஊசி வெளிவரும் இடத்தில் இரு அடுக்கின் உள்பக்கத்திலும் சாக்பீஸால் குறியுங்கள்.

‘கட் 2’ என்று கைத்துண்டில் இருப்பதற்கு ஒரு வலக்கை, ஒரு இடக்கை என்று பொருள். மடித்த துணியில் வெட்டினால் தானாக ஜோடி வரும். துணி போதாமல் ஒற்றையாக விரித்து வெட்டினால் இரண்டாம் முறை காகிதத்தைக் கவிழ்த்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் ஒரே பக்கத்துக் கையாகிவிடும்.

மார்ஜின் காகிதத்திலேயே சேர்ந்திருக்கிறதா என்பதைக் குறிப்பில் பாருங்கள். அமெரிக்கப் பேட்டர்ன்கள் பலவற்றில் அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக, ஒன்றரை சென்டிமீட்டர் சேர்த்தே இருக்கும். சில ஐரோப்பியப் பேட்டர்ன்களில் நாம்தான் சேர்க்க வேண்டும். வீட்டில் அச்செடுத்தால் முதல் பக்கத்தில் உள்ள சோதனைக் கட்டத்தை அளக்காமல் மேலே போகாதீர்கள். பிரிண்டர் பக்கத்துக்குள் அடங்கட்டும் என்று 96 சதவீதமாகச் சுருக்கியிருந்தால், 40 அங்குலச் சுற்றளவு 38.4 ஆகிவிடும். அச்சு அமைப்பில் `Actual size` என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

எல்லாம் குறித்த பிறகும் காகிதத்தை உடனே கழற்ற வேண்டாம். முதலில் கையின் ஒற்றை நாட்ச்சையும் முன் ஆர்ம்ஹோலின் ஒற்றை நாட்ச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் துணியில் விழுந்திருந்தால் ஊசிகளை எடுத்துவிடலாம்.