ஒரு நிமிடப் பேச்சுக்கு எத்தனை கிலோபைட்?

இணையம் வழியாகப் பேசும்போது செலவாகும் டேட்டாவை முதலில் தீர்மானிப்பது பிட்ரேட். ஒரு விநாடிப் பேச்சை எத்தனை பிட்டுகளில் எழுதி வைக்கிறார்கள் என்பதே அது. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். வாட்ஸ்அப் போன்ற செயலிகளில் பரவலாகப் பயன்படும் ஓபஸ் என்ற ஒலிச்சுருக்க முறை 2012இல் தரப்படுத்தப்பட்டது. விநாடிக்கு 6 கிலோபிட்டிலிருந்து 510 கிலோபிட் வரை எந்த அளவிலும் அது இயங்கும். பேச்சு தெளிவாகக் கேட்க 16 கிலோபிட் அளவே தாராளம். அந்த அளவை வைத்துக்கொண்டே கணக்கைப் பார்க்கலாம்.

விநாடிக்கு 16 கிலோபிட் என்றால் 2,000 பைட். நிமிடத்துக்கு 120 கிலோபைட். ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜ் ஏறக்குறைய இந்த அளவுதான் இருக்கும். பதிவு முடிந்த பிறகு அது ஒரே கோப்பாக, பெரிய பெரிய துண்டுகளாக அனுப்பப்படுகிறது. அதனால் வழிச்செலவு மிகக் குறைவு. அனுப்புபவருக்கு 120 கிலோபைட்டுக்குச் சற்றே கூடுதலாகவும், கேட்பவருக்கு அதே அளவும் செலவாகும்.

அதே 16 கிலோபிட்டில் ஒரு நிமிடம் அழைப்பில் பேசினால் செலவு சுமார் 480 கிலோபைட், அதாவது நான்கு மடங்கு. இதில் ஒரு இரட்டிப்பு எளிதில் விளங்கும்: அழைப்பில் குரல் போகவும் வேண்டும், வரவும் வேண்டும். மற்றொரு இரட்டிப்பு கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து வருகிறது. உரையாடலில் தாமதம் கூடாது என்பதால், பேச்சு ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு சேர்ந்தவுடனேயே ஒரு பாக்கெட்டாகக் கிளம்பிவிடுகிறது. அந்தச் சிறு பாக்கெட்டில் உள்ள குரல் 40 பைட் மட்டுமே. ஆனால் அது எங்கே போக வேண்டும், எந்த வரிசையில் ஒலிக்க வேண்டும் என்ற குறிப்புகளுக்கு இன்னொரு 40 பைட் தேவை. கடிதமும் உறையும் ஒரே எடை. வாய்ஸ் மெசேஜில் ஒரே உறைக்குள் பல விநாடிப் பேச்சு அடங்கிவிடுவதால் இந்தச் சுமை தெரிவதில்லை.

பிட்ரேட்டைக் குறைத்தால் அழைப்பின் செலவு எதிர்பார்த்த அளவு குறையாததற்கும் காரணம் இதுவே. 16 கிலோபிட்டை 8 ஆக்கினால் பாக்கெட்டில் குரல் 20 பைட்டாகச் சுருங்கும், உறை சுருங்காது. மொத்தம் 80 பைட் என்பது 60 ஆகும். குரலின் தரத்தைப் பாதியாக வெட்டியும் மிச்சமாவது கால் பங்குதான்: நிமிடத்துக்கு 480க்குப் பதில் 360 கிலோபைட். மறுபக்கம், 32 கிலோபிட்டுக்கு உயர்த்தினால் செலவு 720 கிலோபைட் ஆகும், இரட்டிப்பாகாது. பாக்கெட்டுக்குள் இன்னும் நீண்ட பேச்சுத் துண்டை வைத்தால் உறைச்செலவு குறையும் என்பது உண்மை. ஆனால் தாமதம் கூடும். வழியில் ஒரு பாக்கெட் தொலைந்தால் ஒரு எழுத்தே காதில் விழாமல் போகலாம்.

இந்த எண்களை ஏறக்குறைய அளவாகவே கொள்ள வேண்டும். சிக்னல் தளர்ந்தால் செயலி தானாகவே பிட்ரேட்டை இறக்கும். ஸ, ஷ போன்ற சீறும் ஒலிகள் மங்குவதைக் கொண்டு காதாலேயே அதை உணரலாம். பாக்கெட்டுகள் தொலையும்போது மாற்றுப் பிரதிகளையும் சேர்த்து அனுப்பும் செயலிகளில் செலவு கூடும். ஒருவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் பாக்கெட் அனுப்புவதை ஏறத்தாழ நிறுத்திவிடும் வசதி இருந்தால் செலவு குறையும்.

எப்படிப் பார்த்தாலும் குரல் பெருந்தீனிக்காரன் அல்ல. மேற்சொன்ன 480 கிலோபைட் கணக்கில் ஒரு மணி நேர அழைப்புக்கு சுமார் 29 எம்பி போதும். நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் பேக்கில், 24 மணி நேரமும் பேசினாலும் பாதிகூடத் தீராது. கணக்கைக் குலைப்பவை வேறு. வீடியோ ஓடிக்கொண்டிருந்தால் குரலின் செலவு அதற்கு முன் ஒன்றுமேயில்லை. சுருக்கப்படாத டபிள்யூஏவி கோப்பாகப் பேச்சைப் பதிந்து அனுப்பினால், வழக்கமான 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடப் பதிவே நிமிடத்துக்கு 5 எம்பியைத் தாண்டும். அதே பேச்சு வாய்ஸ் மெசேஜாகப் போயிருந்தால் நாற்பதில் ஒரு பங்குகூட ஆகியிருக்காது.

தன் போனில் உண்மையில் எவ்வளவு ஆகிறது என்பதை வாட்ஸ்அப்பிலேயே பார்க்கலாம். Settings, Storage and data, Network usage என்று சென்றால் அழைப்புகளுக்கு அனுப்பியதும் பெற்றதும் தனித்தனியே தெரியும். எண்ணைக் குறித்துக்கொண்டு பத்து நிமிடம் பேசிவிட்டு மறுபடி பார்த்து, இரண்டின் கூடுதலைப் பத்தால் வகுத்தால் நிமிடச் செலவு கிடைக்கும். அது அரை எம்பியை ஒட்டி இருந்தால் இயல்பு. பல எம்பி வந்தால் அழைப்பில் வீடியோவும் ஓடியிருக்க வேண்டும். அங்கேயே உள்ள Use less data for calls என்பதை இயக்கிவிட்டு இதே சோதனையைத் திரும்பச் செய்தால், மிச்சம் எவ்வளவு என்பதும் அதற்குக் குரலில் இழப்பது எவ்வளவு என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும்.