ஆணி குத்தினால் எந்த ஊசி?

போன கோடையில் நீடாமங்கலத்தில் எங்கள் எருக்குழியைக் கிளறும்போது, சித்தப்பாவின் காலில் பழைய பலகை ஆணி ஏறிவிட்டது. ரத்தம் ரெண்டு சொட்டுதான் வந்தது. "அம்பது வருசமா சாணியில நிக்கிறேன், இதுக்குப் போயி ஆஸ்பத்திரியாடா?" என்றார். எனக்கோ அந்த ரெண்டு சொட்டுதான் பயம்.

ரண ஜன்னி துருவால் வருவதில்லை. அதன் கிருமி மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும் விதைபோல உறங்கிக் கிடக்கிறது. காற்றுப் படாத இடத்தில்தான் முளைக்கும். அகலமான வெட்டுக்காயத்தைவிட, வாய் மூடிக்கொள்ளும் ஆணிக்குத்து அதற்கு வசதி. அங்கே அது சுரக்கும் விஷம் நரம்பு வழியே தண்டுவடத்துக்கு ஏறுகிறது. தசையைத் தளர்த்தச் சொல்லும் செய்தியை அது தடுத்துவிடுவதால், தசை இறுகியபடியே நிற்கிறது. பெரும்பாலும் தாடையில் தொடங்கும். காயம்பட்டு 3 முதல் 21 நாளுக்குள் வாய் திறக்க முடியவில்லை, விழுங்க முடியவில்லை, கழுத்து விறைக்கிறது என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. நரம்பில் பற்றிக்கொண்ட விஷத்தை எந்த மருந்தாலும் பிரிக்க முடியாது.

சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டுக் கூட்டிப்போனேன். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் அப்பவில்லை. உள்ளே இருந்த அழுக்கை டாக்டர் எடுத்தார். தையல் போடவில்லை.

பிறகு அவர் கேட்டது ஒரே கேள்வி: "இதுக்கு முன்னாடி எத்தனை தடவை டி.டி. ஊசி போட்டிருக்கீங்க, ஐயா?"

சித்தப்பாவுக்கு 63 வயசு. நாட்டில் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டமே 1978-இல்தான் தொடங்கியது. எங்க சித்திக்காவது பிரசவ சமயத்தில் ஊசி போட்டார்கள். இவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. வயசான ஆம்பளைகளுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம்.

தடுப்பூசி உடம்புக்குக் கற்றுக்கொடுக்கும். முதல்முறை கற்க வாரக்கணக்கில் ஆகும், விஷம் அதுவரை காத்திருக்காது. அதனால் மூன்று தவணை முடிக்காதவருக்கும், நினைவில்லாதவருக்கும் அழுக்கான அல்லது ஆழமான காயம் பட்டால், தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் வேண்டும். அது தயார்நிலை எதிர்ப்புப் பொருள். சித்தப்பாவுக்கு ஒரு கையில் தடுப்பூசி, மறு கையில் 250 யூனிட் இம்யூனோகுளோபுலின். அதன் பலம் சில வாரங்கள்தான் நிற்கும். அதனால் நாலு வாரம் கழித்து இரண்டாவது தடுப்பூசி, ஆறு மாதத்துக்குப் பிறகு மூன்றாவது.

அதே மாதம் எனக்குக் கருக்கரிவாள் பட்டு விரல் கிழிந்தது. எனக்குச் சிறுவயது தவணைகள் முடிந்தவை, கடைசி ஊசி மூன்று வருசம் முன்புதான். கழுவிக் கட்டினேன், ஊசி வேண்டியதில்லை என்றார்கள். தவணை முடித்தவருக்கு, அழுக்குக் காயமானால் கடைசி ஊசி ஐந்து வருசம் தாண்டியிருந்தால் ஒரு பூஸ்டர், சுத்தமான சிறு காயமானால் பத்து வருசம் தாண்டியிருந்தால் போதும். ஆறு மாசத்துக்கொரு தடவை போட்டுக்கொள்வது வீண்.

சித்தப்பாவின் மூன்றாவது ஊசித் தேதியைச் சித்தி காலண்டரில் வட்டமிட்டு வைத்திருக்கிறார்.