வேலை கேட்கும் கடிதத்தில் ஒரு பிழை அறிக்கை

கல்லூரியை முடித்த கையோடு சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள், கவர் லெட்டரில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். 'கடின உழைப்பாளி, விரைவில் கற்றுக்கொள்வேன்' என்று தொடங்கி, செலினியம், போஸ்ட்மேன், ஜிரா என்று கருவிகளின் பெயர்களை அடுக்குகிறார்கள். இதில் எதையும் படிப்பவரால் சரிபார்க்க முடியாது. டெஸ்டர் வேலையே சரிபார்ப்பதுதான். அதனால் கடிதத்திலும் சரிபார்க்கத்தக்க ஒன்று இருக்க வேண்டும். தானே கண்டுபிடித்த ஒரு பிழையை எழுதுவதுதான் அதற்கு நல்ல வழி.

பயிற்சிக்கென்றே உள்ள தளங்களில் ஒன்று saucedemo.com. இணையக் கடை போன்ற மாதிரித் தளம் அது. அங்கே problem_user என்ற பெயரில் நுழைந்தால், வேண்டுமென்றே வைக்கப்பட்ட பிழைகள் தெரியும். அவற்றை எழுதினால் பெரிதாக எடுபடாது. எல்லோரும் பார்ப்பவை அவை. standard_user என்ற வழக்கமான கணக்கில் தேடிப் பார்ப்பதுதான் டெஸ்டரின் வேலை. அங்கே கிடைக்கும் ஒரு பிழையைக் கடிதத்தில் இப்படி எழுதலாம்:

"saucedemo.com தளத்தில் standard_user கணக்கில் நுழைந்தேன். கார்ட்டில் எந்தப் பொருளையும் சேர்க்காமல் Checkout அழுத்தி, பெயரும் அஞ்சல் குறியீடும் கொடுத்து, Finish வரை சென்றேன். காலி கார்ட்டோடு அனுப்பாமல் தடுத்திருக்க வேண்டும். ஆனால் Thank you for your order! என்று வந்தது. தளத்தின் தேவை ஆவணம் என்னிடம் இல்லை. வழக்கமான கடைகளின் நடைமுறையை வைத்தே இதைப் பிழை என்கிறேன்."

என்ன செய்தேன், என்ன வர வேண்டும், என்ன வந்தது என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. பிழை அறிக்கையின் உயிர்நாடி அவைதான். படிப்பவர் அதே படிகளைச் செய்து பார்த்துக்கொள்ளலாம். கடைசி இரண்டு வரிகளுக்கும் மதிப்பு உண்டு. எது பிழை என்பதைத் தேவை ஆவணமே முடிவு செய்கிறது என்று இவருக்குத் தெரியும் என்பதை அவை காட்டுகின்றன.

இந்தப் பத்திக்கு முன்னால், எந்தப் பணிக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்று இரண்டு வரி போதும். பின்னால், பழகிய கருவி ஒன்றைச் சொல்லி, அதை வைத்து என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். 'போஸ்ட்மேன் தெரியும்' என்பதைவிட 'தவறான கடவுச்சொல்லை அனுப்பி, 401 வருகிறதா என்று பார்த்தேன்' என்பது நம்பிக்கை தரும்.

ஒரு வரம்பும் உண்டு. வங்கி, ரயில் முன்பதிவு போன்ற நடப்புத் தளங்களில் அனுமதியின்றிச் சோதிக்க வேண்டாம். அது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடலாம்.

அனுப்புவதற்கு முன் கடிதத்தையே சோதியுங்கள். முந்தைய விண்ணப்பத்திலிருந்த நிறுவனத்தின் பெயர் அப்படியே இருக்கிறதா, இணைப்பு சேர்ந்திருக்கிறதா, சுட்டி திறக்கிறதா என்று பாருங்கள். பிழை தேடும் வேலைக்குப் பிழையோடு வரும் கடிதத்தை யாரும் இரண்டாவது முறை படிப்பதில்லை.