செயல் குறையாமல் செலவைக் குறைத்தல்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மூலப்பொருள் தட்டுப்பாடு வந்தபோது, அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய லாரன்ஸ் மைல்ஸ், கிடைக்காத பொருளைத் தேடுவதை விடுத்து, அப்பொருள் செய்யும் செயல் யாது என்று கேட்டார். மதிப்புப் பொறியியல் அக்கேள்வியிலிருந்து பிறந்தது.

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டமொன்றில் சிற்றலுவலகம் ஒன்றை அமைப்பதாகக் கொள்வோம். விலைகள் விளக்கத்துக்காக வைத்தவை. மதிப்பீட்டில் இரண்டு குளிரூட்டிகளுக்கு 6,000 ரிங்கிட் ஒதுக்கப்பட்டுள்ளது. குளிர்ந்த மலையில் அவை எதற்கு? பதிவேடுகளில் பூஞ்சை பிடிக்காதிருக்க என்கிறார் தோட்டத்துக் கிராணி. ஆகவே, வேண்டிய செயல் அறையைக் குளிர்வித்தல் அன்று. தாளை உலர்வாக வைத்தல். பதிவேடுகளை ஒரு சிற்றறையில் சேர்த்து, கதவிடுக்குகளை அடைத்து, ஈரநீக்கி ஒன்றை வைத்தால் 1,800 ரிங்கிட்டில் அச்செயல் நிறைவேறும். மின்கட்டணமும் குறையும்.

ஆயினும் ஈரநீக்கியின் நீர் வெளியேறக் குழாய் வேண்டும். இல்லையேல், தொட்டி நிறைந்ததும் இயந்திரம் நின்றுவிடும். வார இறுதியில் ஒருவரும் அறியார். ஆதலால் குழாயின் விலையையும் கணக்கில் சேர்த்தே ஒப்பிடுதல் வேண்டும். ஈரமானி ஒன்றைத் தொங்கவிட்டு, மழை மாதங்களிலும் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டவில்லை எனக் கண்ட பின்னரே மாற்றம் வென்றது எனலாம்.

அதே அலுவலகத்தில் ஒட்டுப்பலகை அலமாரிக்குப் பதில் மலிவான மரத்தூள் பலகையை இடுவோர் உண்டு. அது ஈரத்தில் ஊதிப் பிளந்துவிடும். அங்கே குறைந்தது செலவு மட்டுமன்று, செயலும்தான். அதனை மதிப்புப் பொறியியல் என்று சொல்லுதல் தகாது.