மூன்று பி.பி.டி., ஒரு மணி நேரம்

கருத்தரங்க மேடைகளில் வழக்கமாக நடப்பது இதுதான். பேச்சாளர்கள் வந்ததும் பென்டிரைவை மடிக்கணினி இயக்குபவரிடம் கொடுப்பார்கள். நெறியாளர் கையில் அவர்களுடைய பயோடேட்டா இருக்கும். பட்டங்களையும் விருதுகளையும் வாசித்து ஒவ்வொருவரையும் அழைப்பார். முதலில் பேசுபவர் இருபது நிமிடம் எடுத்துக்கொள்வார், கடைசியில் பேசுபவருக்கு நான்கு நிமிடம் மிஞ்சும். "நேரமின்மை காரணமாக ஒரே ஒரு கேள்வி" என்று முடித்துவிட்டு நினைவுப் பரிசு வழங்கப் போய்விடுவார்கள்.

அந்த பென்டிரைவில் இருந்த பி.பி.டி.க்களை நெறியாளர் முன்பே திறந்து பார்த்திருந்தால் அந்தக் கூட்டமே வேறு மாதிரி இருந்திருக்கும். நல்ல நெறியாளரின் குறிப்புத்தாள் பயோடேட்டாவிலிருந்து வருவதில்லை, ஸ்லைடுகளிலிருந்துதான் வருகிறது. அது எப்படி என்று ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம்.

ஒரு கல்லூரி அரங்கில் மாலை 4 முதல் 5 மணி வரை சென்னையின் தண்ணீர் பற்றிக் கலந்துரையாடல் என்று வைத்துக்கொள்வோம். மேடையில் மூவர். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளில் வேலை பார்த்த பொறியாளர் 24 ஸ்லைடு அனுப்பியிருக்கிறார். நிலத்தடி நீர் ஆய்வாளரான பேராசிரியை அனுப்பியது 30. அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கச் செயலாளரிடமிருந்து வந்தது 9, அதில் பாதி புகைப்படம்.

ஒவ்வொரு பி.பி.டி.யிலும் முதலில் கடைசி ஸ்லைடைப் பாருங்கள். "நன்றி" என்பதற்கு முந்தையது. பேசுபவர் எங்கே போய்ச் சேர நினைக்கிறார் என்பது அதில்தான் இருக்கும். அறிமுகத்தில் அந்த முடிவை மட்டும் நீங்கள் சொல்லிவிடக் கூடாது. அவர் சொல்ல வந்ததை நீங்களே சொல்லிவிட்டால் அவர் எட்டு நிமிடமும் உங்கள் வாக்கியத்துக்கு உரை எழுதிக்கொண்டிருப்பார்.

அடுத்து ஒரு தாளை மூன்றாகக் கோடு போட்டு, மூன்று பேருடைய ஸ்லைடுகளிலும் வரும் எண்களையும் ஊர்ப்பெயர்களையும் ஸ்லைடு எண்ணோடு எழுதிக்கொள்ள வேண்டும். இதற்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். இணைப்புரை எல்லாம் இந்தத் தாளில்தான் பிறக்கிறது.

நம் உதாரணத்தில் பொறியாளரின் ஸ்லைடு, மீஞ்சூர் ஆலையின் திறன் நாளொன்றுக்குப் பத்து கோடி லிட்டர் என்கிறது. பேராசிரியை ஏரிகளைப் பற்றி டி.எம்.சி. கணக்கில் பேசுகிறார்: பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் சேர்ந்து சுமார் 11 டி.எம்.சி. கேட்பவருக்கு இரண்டும் பெரிய எண்கள், அவ்வளவுதான். எது பெரிது என்று தெரியாது. மேடையில் இருக்கும் இருவரும் அதைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் அவரவர் அளவை அவரவருக்குப் பழக்கம். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். ஆக, ஒரு டி.எம்.சி. ஏறத்தாழ 2,830 கோடி லிட்டர். பத்து கோடி லிட்டர் ஆலை முழுத் திறனில் 365 நாளும் ஓடினால் 3,650 கோடி லிட்டர், அதாவது சுமார் 1.3 டி.எம்.சி. சோழவரம் ஏரியின் முழுக் கொள்ளளவு 1.08 டி.எம்.சி.தான். வருடம் முழுக்க ஓடும் ஓர் ஆலை, ஒரு சோழவரத்தைவிடச் சற்று அதிகம் தருகிறது. இந்த ஒரு வரியைக் குறிப்பில் எழுதி வைத்துக்கொண்டால் அரங்கம் இரண்டு பேச்சையும் ஒரே தராசில் வைத்துக் கேட்கும்.

இன்னொன்றும் அந்தத் தாளில் அகப்படும். மீஞ்சூர் என்ற பெயர் இரண்டு பி.பி.டி.யிலும் வருகிறது. பொறியாளருக்கு அது 2010-இல் தொடங்கிய ஆலை. பேராசிரியைக்கு, விவசாயத்துக்கும் நகரத்துக்குமாக அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் நிலத்தடியில் உள்ளே புகுந்து கிணறுகள் உப்பான வட்டாரம். பொறியாளர் முடித்ததும் நெறியாளர் சொல்ல வேண்டியது தானாக வந்துவிடுகிறது:

"மீஞ்சூர்ப் பக்கம் கடல் தண்ணியக் குடிதண்ணி ஆக்குறதைப் பத்தி சார் சொன்னாங்க. அதே வட்டாரத்துல குடிதண்ணிக் கிணறு கடல் தண்ணியா மாறுன கதை மேடத்துக்கிட்ட இருக்கு. மேடம், அது எப்படி நடந்துச்சு?"

பதினைந்து விநாடிகூட ஆகாது. "அருமையாகப் பேசினார், அடுத்து வருபவர் இன்னும் அருமையாகப் பேசுவார்" என்பதற்கும் அதே நேரம்தான் ஆகும். இணைப்புரை ஒரு கேள்வியில் முடிவது நல்லது. அடுத்தவர் தன் தலைப்பு ஸ்லைடு, நிறுவன அறிமுக ஸ்லைடு எல்லாவற்றையும் தாண்டி நேராக விஷயத்துக்கு வருவார்.

இதில் ஓர் எல்லை உண்டு. ஸ்லைடில் தவறான எண் கண்ணில் பட்டால், அல்லது இருவர் எண்கள் முரண்பட்டால், அதை மேடையில் வைத்துக் கேட்பது அழகல்ல. முந்தைய நாளே போன் செய்து, "சார், ஏழாவது ஸ்லைடில் இருக்கும் எண்ணும் மேடம் சொல்லும் எண்ணும் ஒத்துப்போகவில்லை, இதை நான் கேட்கலாமா?" என்று சொல்லிவிட வேண்டும். பெரும்பாலும் வருடம் வேறாக இருக்கும், அல்லது ஒருவர் திறனையும் மற்றவர் உண்மையான உற்பத்தியையும் சொல்லியிருப்பார். முன்பே சொல்லி வைத்த முரண் மேடையில் நல்ல விவாதமாகும். சொல்லாமல் கேட்டால் சண்டைதான். பட்டிமன்ற நடுவருக்குத் தீர்ப்புச் சொல்லும் உரிமை இருக்கிறது. நெறியாளருக்கு அது கிடையாது.

நேரத்துக்கு வருவோம். ஆளுக்கு எட்டு நிமிடம் என்றால் 24 ஸ்லைடுக்கு ஒன்றுக்கு இருபது விநாடி. நடக்காது. "சுருக்கமாகப் பேசுங்கள் சார்" என்று சொல்வதில் எந்தப் பயனும் இல்லை, யாரும் தன் பேச்சு நீளம் என்று நினைப்பதில்லை. "எட்டு நிமிஷத்துக்கு எந்த ஆறு ஸ்லைடு சார்?" என்று எண்ணிக்கையில் கேட்டால் அவரே தேர்ந்தெடுத்துவிடுவார். விட்டுப்போன பதினெட்டும் வீணல்ல, அவைதான் நெறியாளரின் கையிருப்பு. பொறியாளர் தவிர்த்த ஸ்லைடுகளில் ஒன்று மின்செலவு பற்றியது. இந்த முறையில் ஆயிரம் லிட்டர் நல்ல தண்ணீருக்கு ஏறத்தாழ மூன்று முதல் நான்கு யூனிட் மின்சாரம் போகிறது. கலந்துரையாடலின் முதல் கேள்வி அதுவே. கேள்வி கேட்கும்போதே ஸ்லைடு எண்ணைச் சொல்லித் திரையில் போடச் செய்தால் பதில் அளந்து வரும்.

குறிப்புத்தாளில் "8 நிமிடம்" என்று எழுதாமல் கடிகார நேரத்தை எழுதுங்கள். மேடையில் உட்கார்ந்து கழித்தல் கணக்குப் போட முடியாது. நம் கூட்டத்தின் தாள் இப்படி இருக்கும்:

4.00 – தொடக்கம். ஆலை = ஒரு சோழவரம் (மேடம் பேசிய பிறகு சொல்ல, இப்போது அல்ல).
4.03 – பொறியாளர். 4.09-க்கு இரண்டு நிமிட அட்டை.
4.11 – இணைப்பு: மீஞ்சூர்.
4.12 – பேராசிரியை. 4.18 அட்டை.
4.20 – இணைப்பு: சோழவரம் கணக்கு, பிறகு மொட்டைமாடி.
4.21 – செயலாளர். 4.27 அட்டை.
4.29 – மூவருக்கும் கேள்வி: ★மின்செலவு / யார் உறிஞ்சுவதைக் கட்டுப்படுத்துவது / பராமரிப்பு.
4.40 – அரங்கம்.
4.57 – முடிவு.

நட்சத்திரக் குறிக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. நம் ஊரில் 4 மணிக் கூட்டம் 4.10-க்குத்தான் தொடங்கும். அந்தப் பத்து நிமிடத்தை எங்கிருந்து எடுப்பது என்று முன்பே தீர்மானித்திருக்க வேண்டும். என் கட்சி, மேடையில் இருப்பவர்கள் தங்களுக்குள் பேசும் நேரத்திலிருந்து எடுக்க வேண்டும், அரங்கத்தின் நேரத்தில் கை வைக்கக் கூடாது என்பதே. மூன்று கேள்வியில் நட்சத்திரமிட்ட ஒன்று மட்டும் நிற்கும். தீர்மானிக்காமல் போனால் அந்த இழப்பு முழுவதும் கடைசியில் பேசும் செயலாளர் தலையில் விழும். அவர்தான் பதவியில் சிறியவர், அவர் எதிர்த்துக் கேட்கவும் மாட்டார்.

அட்டை காட்டியும் நிறுத்தாதவரை என்ன செய்வது? அவர் மூச்சு வாங்கும் இடத்தில் அவருடைய கடைசி ஸ்லைடைக் கேளுங்கள்: "சார், உங்கள் முடிவு ஸ்லைடைப் பார்த்துவிடுவோமா?" நிறுத்தச் சொன்னால் கோபம் வரும், முடிவுக்குப் போகச் சொன்னால் வராது. அந்த ஸ்லைடு எண் உங்கள் தாளில் இருந்தால்தான் இது நடக்கும்.

இனி அரங்கம். "கேள்விகள் உண்டா?" என்றதும் ஒரு மௌனம் விழும். அதை உடைப்பவர் பெரும்பாலும் கேள்வி கேட்க வந்தவர் அல்ல, சொற்பொழிவாற்ற வந்தவர். அதனால் முதல் தூண்டுதல் பதில் சொல்ல எளிதாக, அவரவர் வீட்டைப் பற்றியதாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானது. "அப்போது போட்ட குழாய் உங்கள் வீட்டில் இன்றைக்கு எங்கே போய் முடிகிறது? தெரிந்தவர்கள் கை தூக்குங்கள்." பாதிப் பேர் யோசிப்பார்கள். தூக்கியவர்களில் ஒருவரிடம் மைக்கைக் கொண்டுபோனால் போதும், அடுத்த கேள்விகள் தாமாக வரும்.

இரண்டாவது தூண்டுதல் செயலாளரின் ஸ்லைடிலிருந்து. 500 சதுர மீட்டர் மொட்டைமாடியில் வருடத்துக்கு 7 லட்சம் லிட்டர் மழை விழுகிறது என்று போட்டிருக்கிறார். சென்னைக்கு வருட மழை சுமார் 1,400 மில்லிமீட்டர் என்பதால் கணக்கு சரிதான். ஆனால் வழிந்தும் ஆவியாகியும் போவது போக ஐந்தரை லட்சம் பிடிக்கலாம். குடியிருப்பில் எண்பது பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்றால் சுமார் ஐம்பது நாளுக்கு வரும். "ஐம்பது நாளுக்குத்தானா, ஐம்பது நாளுக்கா? உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது?" என்று அரங்கத்தைக் கேட்டால், மூன்று பேச்சாளருக்கும் அதில் சொல்ல ஏதாவது இருக்கும். ஒருவர் மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்வியைத் தூண்டுதலாக வைக்காதீர்கள், மற்ற இருவரும் போனை எடுத்துவிடுவார்கள்.

கையில் சுற்றும் மைக் தன்னார்வலர் பிடியிலேயே இருக்கட்டும், கேட்பவர் கைக்குப் போனால் திரும்பி வருவது கஷ்டம். யாராவது நீட்டிக்கொண்டே போனால், "ஐயா, இது யாருக்கான கேள்வி?" என்று மரியாதையாகக் கேளுங்கள்.

இவ்வளவும் கவிழ ஒரே ஒரு காரணம் போதும். பேச்சாளர் கூட்டத்தன்று காலையில் "புது வெர்ஷன்" என்று வேறு பி.பி.டி.யை அனுப்பிவிடுவார். ஸ்லைடு எண்கள் எல்லாம் மாறிவிடும், மீஞ்சூர் காணாமலே போயிருக்கும். அப்போது முழுதாகப் படிக்க நேரமிருக்காது. உங்கள் தாளில் உள்ள எண்களும் ஊர்களும் புதியதிலும் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். இல்லாததை அடித்துவிடுங்கள்.

நீங்கள் மேடையில் பேச அழைக்கப்பட்டவரானால், உங்கள் பி.பி.டி.யை மூன்று நாளுக்கு முன்பே நெறியாளருக்கு அனுப்புங்கள். அனுப்பியதை மாற்றினால், எந்த ஸ்லைடு மாறியது என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.