ஆர்டர் ஒன்று, காகிதம் மூன்று... கணக்கு ஒன்றாக இருக்கட்டும்!

தர்மபுரி மாவட்டத்தின் சிட்லிங்கி பள்ளத்தாக்கில், லம்பாடிப் பெண்களின் பாரம்பரியக் கைத்தையலுக்கு இன்று வெளியூர்களிலும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். மறந்துபோக இருந்த அந்தத் தையலை மீட்டெடுத்தது அங்குள்ள 'போர்கை' கைவினைக் குழு. லம்பாடி மொழியில் அந்தச் சொல்லுக்குப் பெருமை என்று பொருள். இதுபோன்ற கைவினைப் பொருள்களை வீட்டிலிருந்தே செய்து, இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் விற்பவர்கள் நம் மாவட்டங்களில் நிறைய பேர். சிங்கப்பூரிலிருந்து முதல் ஆர்டர் வந்ததும் சந்தோஷம். அடுத்த நிமிடமே, 'பார்சலை எப்படி அனுப்புவது?' என்ற கவலை.

அனுப்புவது கஷ்டமில்லை. அஞ்சல் துறை 2022 முதல் 'டாக் கர் நிர்யாத் கேந்திரா' என்ற பெயரில் ஏற்றுமதி மையங்களை நடத்துகிறது. உங்களுக்குப் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று தலைமை அஞ்சலகத்தில் கேட்டால் சொல்வார்கள். சிக்கல் வருவதெல்லாம் காகிதங்களில்தான்.

எந்தக் காகிதம் எதற்கு?

முதலாவது, பேக்கிங் லிஸ்ட். பெட்டிக்குள் என்ன பொருள், எத்தனை, எவ்வளவு எடை என்று சொல்வது. இரண்டாவது, பெட்டியின் மேல் ஒட்டும் சுங்க அறிவிப்பு. இதற்கு உலகம் முழுக்க ஒரே படிவம்தான்: குறைந்த மதிப்புக்கு சி.என்.22, ஏறக்குறைய 35,000 ரூபாய்க்கு மேல் போனால் சி.என்.23. மூன்றாவது, நம் நாட்டுச் சுங்கத்துக்குத் தரும் அஞ்சல் ஏற்றுமதி பில். 2022 டிசம்பரிலிருந்து இதை ஆன்லைனிலேயே பதிவு செய்யலாம். விற்பனைக்காக அனுப்புகிறவர்களுக்கு ஐ.இ.சி. எனப்படும் ஏற்றுமதி எண் வேண்டும். அதை வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் இணையதளத்தில் 500 ரூபாய் கட்டணத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

மூன்றும் தனித்தனிக் காகிதங்கள் போலத் தெரிந்தாலும், மூன்றுக்கும் தாய் ஒன்றுதான். அது வாடிக்கையாளர் கொடுத்த ஆர்டர். பெயர், எண்ணிக்கை, விலை எல்லாம் அங்கிருந்துதான் வர வேண்டும். ஞாபகத்திலிருந்து எழுதினால் எங்கேயாவது ஒன்று பிசகிவிடும்.

ஓர் ஆர்டரைப் பார்ப்போம்

சிங்கப்பூரில் இருக்கும் ஒருவர் உங்களிடம் குஷன் கவர் 2, ஸ்டோல் 1, கைப்பை 2 கேட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குஷன் கவர் ஒன்று 950 ரூபாய், ஸ்டோல் 2,400, கைப்பை ஒன்று 1,200. மொத்தம் 6,700 ரூபாய். இந்த ஆர்டருக்கு 118 என்று எண் கொடுக்கிறீர்கள். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் இரண்டிலும் இந்த எண் இருக்கட்டும். ஏற்றுமதி பில்லில் அந்த இன்வாய்ஸ் எண்ணைக் குறிப்பிடுங்கள்.

அடுத்து ஒவ்வொரு பொருளையும் தராசில் வையுங்கள். குஷன் கவர் 180 கிராம், ஸ்டோல் 250, கைப்பை 220. ஆக, பொருள்களின் நிகர எடை 1,050 கிராம். அட்டைப்பெட்டி, டேப் எல்லாம் 250 கிராம் என்றால், மூடிய பெட்டி 1,300 கிராம் காட்ட வேண்டும். சுங்கப் படிவத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி. ஆங்கிலத்தில் இப்படி எழுதலாம்:

```
Cotton cushion cover, hand-embroidered | 2 | 360 g | INR 1900 | 630492 | IN
Cotton stole, hand-embroidered | 1 | 250 g | INR 2400 | 621490 | IN
Cotton handbag, hand-embroidered | 2 | 440 g | INR 2400 | 420222 | IN
```

கடைசியில் இருப்பது எந்த நாட்டுத் தயாரிப்பு என்பது. அதற்கு முன்னால் இருக்கும் எண், ஹெச்.எஸ். கோடு. முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்க ஒன்றுதான். நம் ஏற்றுமதி பில்லில் எட்டு இலக்கம் கேட்பார்கள். 'துணி', 'கைவினைப் பொருள்' என்று மொட்டையாக எழுதினால், அந்த ஊர் அதிகாரிக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று புரியாது. பெட்டியைப் பிரித்துப் பார்ப்பார், அல்லது விளக்கம் கேட்டு நிறுத்தி வைப்பார்.

பேக் செய்யும்போது மாறினால்?

பெரும்பாலான தவறுகள் நடப்பது இங்கேதான். காலையில் காகிதங்களை பிரின்ட் எடுத்துவிட்டீர்கள். பேக் செய்ய உட்காரும்போது, ஒரு கைப்பையில் தையல் பிரிந்திருக்கிறது. சரி, அதை மட்டும் அடுத்த வாரம் அனுப்பலாம் என்று மீதியை மூடி ஒட்டிவிடுகிறீர்கள். காகிதம் இரண்டு பை என்கிறது, பெட்டியில் ஒன்றுதான் இருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, தராசுதான். 1,300 கிராம் இருக்க வேண்டிய பெட்டி 1,080 காட்டுகிறது. குறையும் 220 கிராம், சரியாக ஒரு கைப்பையின் எடை! மூடிய பெட்டியின் எடையைக் காகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் அஞ்சலகத்துக்குக் கிளம்பாதீர்கள்.

திருத்துவதும் சுலபம். பேனாவால் அடித்து எழுதாமல், ஆர்டரை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 118/1-ல் குஷன் கவர் 2, ஸ்டோல் 1, கைப்பை 1: மதிப்பு 5,500 ரூபாய், நிகர எடை 830 கிராம். 118/2-ல் கைப்பை 1: மதிப்பு 1,200 ரூபாய், 220 கிராம். இரண்டையும் கூட்டினால் பழைய 6,700 ரூபாயும் 1,050 கிராமும் வர வேண்டும். வந்தால் கணக்கு சரி. ஒவ்வொரு பெட்டிக்கும் அதற்குரிய இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சுங்கப் படிவம், ஏற்றுமதி பில் எல்லாவற்றையும் புதிதாக எடுங்கள். பழைய பிரின்ட்டைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். அது மேஜையில் கிடந்தால், அவசரத்தில் அதுதான் பெட்டியில் ஏறும்.

ஆசையாக ஒரு சின்ன பர்ஸை இலவசமாக வைத்தாலும் தனி வரி வேண்டும். இலவசம் என்பதற்காக மதிப்பில் பூஜ்யம் போடக்கூடாது. அதன் உண்மையான விலையை எழுதுங்கள்.

'கிஃப்ட்னு போட்டுடுங்க!'

வரி வரும் என்ற பயத்தில் சில வாடிக்கையாளர்கள், 'கிஃப்ட்னு டிக் பண்ணிடுங்க, 500 ரூபாய்னு போடுங்க' என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். பணம் வாங்கி அனுப்புவது விற்பனை. படிவத்தில் அதற்கென்றே தனிக் கட்டம் இருக்கிறது. உங்கள் வங்கிக் கணக்கில் ஆர்டருக்கான முழுப் பணமும் வந்திருக்க, ஏற்றுமதி பில் 500 என்று சொன்னால், நாளை ஜி.எஸ்.டி. கணக்கிலும் வங்கியிலும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். பார்சல் தொலைந்தால், எழுதிய 500 ரூபாய்க்கு மேல் கேட்கவும் முடியாது.

நம் உதாரணத்தில் அந்தப் பொய்க்குத் தேவையே இல்லை. சிங்கப்பூரில் தபால் செலவும் சேர்த்து 400 சிங்கப்பூர் டாலருக்குள் வரும் இதுபோன்ற தபால் பார்சல்களுக்கு, எல்லையில் ஜி.எஸ்.டி. கேட்பதில்லை. உண்மையான விலையை எழுதினாலும் இந்தப் பார்சல் அதற்குள்தான் வருகிறது.

எல்லா நாடும் அப்படி இல்லை. அமெரிக்காவில் 800 டாலர் வரை இருந்த விலக்கு 2025 ஆகஸ்ட் 29-ம் தேதியோடு முடிந்தது. அதையொட்டி நம் அஞ்சல் துறை அங்கு பார்சல் அனுப்புவதை நிறுத்திவைத்து, அக்டோபர் 15-ல்தான் மறுபடி தொடங்கியது. 2025-ல் அங்கே சிறிய பார்சலுக்கும் நீங்கள் எழுதும் விலையையும் தயாரான நாட்டையும் வைத்து வரி கணக்கிடத் தொடங்கினார்கள். எனவே, ஆர்டர் எடுக்கும்போதே வரி யார் பொறுப்பு என்பதை வாடிக்கையாளரிடம் பேசி, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெட்டியை ஒட்டும் முன் பொருள்களை மேஜையில் பரப்பி, ஆர்டர் எண் தெரியும்படி மொபைலில் ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். சென்னையிலுள்ள வெளிநாட்டு அஞ்சலகத்தில் சுங்க அதிகாரி ஏதாவது சந்தேகம் கேட்டாலும், 'ஒரு பொருள் குறைகிறதே' என்று வாடிக்கையாளர் சொன்னாலும், அந்த போட்டோவையும் 118/1-ன் பேக்கிங் லிஸ்ட்டையும் எடுத்துக் காட்டலாம்.